கேக் வயிறு தள்ளினால் முதலில் எங்கே பார்ப்பது

பட்டர்வொர்த்தில் எங்கள் அடுக்குமாடியின் மேல்தளத்தில் இருக்கும் தங்கை ஒருத்தி, மாமியாரின் அறுபதாம் பிறந்தநாளுக்குப் பாண்டான் கேக் செய்தாள். எட்டு அங்குல வட்டம், மூன்று அடுக்கு, அடுக்குகளுக்கு நடுவில் காயா. மதியம் என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, ராத்திரி பிரிட்ஜில வைக்கிறப்ப சுவர் மாதிரி நேரா இருந்துச்சு. வெளியே எடுத்து ரெண்டு மணி நேரந்தான் ஆச்சு, இடுப்புல டயர் போட்ட மாதிரி ஆயிடுச்சு. மேல இன்னொரு தடவை கிரீம் பூசி மறைச்சிடலாமா?"

பூச வேண்டாம் என்றேன். உள்ளே இருப்பது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது மேலே பூசுகிற கிரீமும் அதோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு வரும். புடைப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கேக்கைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் புடைத்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் தள்ளுகிறதா, ஒரே ஒரு இடத்தில் கொப்புளம் போல வந்திருக்கிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு. நான் வீட்டிலிருந்து ஆர்டர் எடுத்துக் கேக் செய்கிறவள். காயா, டுரியான், மாம்பழக் கூழ் போன்ற இளகிய பூரணம் வைத்த கேக் எதைத் திறந்து பார்த்தாலும் தப்பு இரண்டு இடத்தில்தான் இருக்கும்: அடுக்கை வெட்டிய விதத்தில், அல்லது பூரணத்தைச் சுற்றிக் கட்டிய கிரீம் வரப்பில். வெளியே தெரியும் புடைப்பின் வடிவமே எந்த இடம் என்று சொல்லிவிடும்.

ஒரே இடத்தில் கொப்புளம்

இது எளிது, இதை முதலில் முடித்துவிடலாம். பல்குத்தும் குச்சியைக் கொப்புளத்தில் மெல்லக் குத்துங்கள். குச்சி உலர்ந்து வெளியே வந்து கொப்புளம் அமுங்கினால் உள்ளே காற்று. குளிர்ந்த கேக்கின் மேல் கிரீமை இறுக்கமாகப் பூசிவிட்டோம், அடுக்குகளுக்கு நடுவே அடைபட்ட காற்று நம் ஊர்ச் சூட்டில் விரிந்து வெளியே தள்ளுகிறது. குத்திய துளை வழியே காற்றை வெளியேற்றி, அந்த இடத்தைத் தட்டைக்கத்தியால் நீவிவிட்டால் போதும்.

குச்சியில் காயா ஒட்டிக்கொண்டு வந்தால், வரப்பின் இரு முனைகளும் சேரும் இடம் திறந்திருக்கிறது. வளையம் பிழியும்போது தொடங்கிய இடத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிடுகிறோம். முனையும் முனையும் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தாலும் ஒட்டியிருக்காது. தொடங்கிய முனையின் மேல் ஒரு விரற்கடை தாண்டிப் பிழிந்து, ஈரமான விரலால் உள்பக்கமும் வெளிப்பக்கமும் அழுத்திச் சேர்த்துவிட வேண்டும். கேக்கின் அடியில் பலகையோடு சேர்ந்த இடத்தில் காயா கசிந்து நின்றாலும் பெரும்பாலும் இதே காரணந்தான்.

ஒரு பக்கம் மட்டும் தள்ளுகிறது

இது வெட்டின் பிழை. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் மேலே பார்த்தால் கேக் மட்டமாகவே இருக்கும்.

ஒரு கேக்கை நடுவில் இரண்டாகப் பிளக்கும்போது கத்தி சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்துண்டு இந்தப் பக்கம் மூன்றரை சென்டிமீட்டர், அந்தப் பக்கம் இரண்டரை. மேல்துண்டு அதற்கு நேர்மாறு. பிளந்தபடியே திரும்ப அடுக்கினால் இரண்டின் கூட்டும் எல்லாப் பக்கமும் ஆறு சென்டிமீட்டர்தான், மேற்பரப்பு மட்டமாகவே நிற்கும். ஆனால் நடுவில் பூரணம் உட்கார்ந்திருக்கும் தளம் சரிவு. இருபது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு சென்டிமீட்டர் இறக்கம். கெட்டியான பட்டர்கிரீம் மட்டும் வைத்திருந்தால் அது பிடித்துக்கொண்டு நிற்கும், யாருக்கும் தெரியாது. காயா வைத்தால் அது பள்ளத்தை நோக்கி நகரும், மேலடுக்கும் அதன் மேல் வழுக்கும். பள்ளத்துப் பக்க வரப்பு எல்லாப் பாரத்தையும் தனியாகத் தாங்குகிறது, கடைசியில் வெளியே வளைந்துவிடுகிறது.

இதுதானா என்று உறுதி செய்ய ஒரு ஸ்கேல் போதும். கேக்கை நன்றாகக் குளிரவைத்து, புடைத்த பக்கத்திலும் அதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலும் கிரீமைச் சற்றுச் சுரண்டி, பலகையிலிருந்து முதல் வரப்பு எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது என்று அளந்து பாருங்கள். மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வெட்டு சாய்ந்திருக்கிறது. அளப்பதற்கு முன் மேசையையும் பலகையையும் பாருங்கள். மெல்லிய அட்டைப் பலகை ஒரு பக்கம் தொய்ந்தால், நன்றாக வெட்டிய கேக்கும் இதே குறியைக் காட்டும்.

இனி வெட்டும் முறை. கத்தி கேக்கின் அகலத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். எட்டு அங்குலக் கேக்குக்குப் பத்து அங்குலப் பல்கத்தி, அதாவது ரொட்டி அறுக்கும் கத்தி. பற்கள் அகலமாக, அலைபோல் வளைந்திருந்தால் நல்லது. ஊசிபோல் கூர்ந்த சிறு பற்கள் பஞ்சைப் பிய்ப்பதுபோல் தூளை இழுத்துக்கொண்டு வரும். கேக் சூடாகவோ வெதுவெதுப்பாகவோ இருக்கும்போது எந்தக் கத்தியும் உதவாது. முழுதும் ஆறவிட்டு, பிளாஸ்டிக் உறையால் சுற்றி, பிரிட்ஜில் குறைந்தது இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு வெட்டுங்கள். பட்டர் கேக் இரவு முழுக்க இருந்தால் கல்லாகிவிடும், அதை வெட்டுவதற்குக் கால்மணி முன்பே வெளியே எடுத்துவையுங்கள்.

கேக்கைச் சுழல்தட்டில் வைத்து, சுற்றிலும் எந்த இடம் மிகத் தாழ்ந்திருக்கிறது என்று ஸ்கேலால் பாருங்கள். மேலே எழும்பிய மேட்டை அந்தத் தாழ்ந்த விளிம்பின் உயரத்துக்கு வெட்ட வேண்டும், அதற்கு மேலே அல்ல. அதே உயரத்தில் சுற்றிலும் எட்டு இடத்தில் பல்குத்தும் குச்சியைப் பாதி வரை குத்துங்கள். கத்தி அந்தக் குச்சிகளின் மேல் படுத்தபடி போக வேண்டும்.

முதல் சுற்றில் வெட்டாதீர்கள், கோடு மட்டும் கீறுங்கள். இடது உள்ளங்கையைக் கேக்கின் மேல் விரித்து வையுங்கள். வலது முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கட்டும். கத்தி அசையாமல் இருக்க, கேக்கைச் சுழற்றிக் கத்தியிடம் கொண்டுவாருங்கள். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் சுற்று முழுக்கக் கோடு விழுந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து சேர வேண்டும். சேரவில்லை என்றால் கத்தி சாய்ந்திருக்கிறது. இப்போது திருத்தினால் ஒரு சென்டிமீட்டர் ஓரந்தான் கெடும். இரண்டாம் சுற்றில் அதே கோட்டுக்குள் நான்கு சென்டிமீட்டர் வரை போங்கள். அதற்குப் பிறகுதான் நடு. இந்த நேரத்தில் சுற்றிலும் இருக்கும் கோடு கத்தியை இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும், அது தன் பாதையை விட்டு எளிதில் விலகாது.

ஒரு பக்கத்தில் நுழைத்து மறுபக்கம் வரை ஒரே இழுப்பாக அறுக்கும்போதுதான் கத்தி சாய்கிறது. மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாது, மணிக்கட்டு தன் போக்கில் இறங்கிவிடும். என் கை எப்போதும் தூரத்துப் பக்கம் தாழும். உங்கள் கை எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டு மூன்று கேக்கில் கவனித்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, அழுத்தாதீர்கள். அழுத்தினால் கத்தி நடுவில் கீழே வளைந்து, அடுக்கு தட்டுப் போலக் குழிந்துவிடும். ரம்பம் போல முன்னும் பின்னும் நீளமாக இழுத்தால் பற்களே வழி கண்டுகொள்ளும். கண் கத்தியின் மட்டத்தில் இருக்க வேண்டும். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் வெட்டுகிறேன்.

பிளப்பதற்கு முன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ் வரை கத்தி நுனியால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். அடுக்கும்போது கோடும் கோடும் நேராக வந்தால் துண்டுகள் வெட்டியபடியே பொருந்தும். ஆனால் சரிந்த வெட்டுக்கு இதை மருந்தாக நினைக்க வேண்டாம். மேல்மட்டத்தை இது காப்பாற்றும், உள்ளே இருக்கும் சரிவு அப்படியேதான் இருக்கும். இளகிய பூரணம் வைக்கிறீர்கள் என்றால் சரிந்த அடுக்கைத் திரும்ப மட்டம் வெட்டுங்கள், அரை சென்டிமீட்டர் உயரம் போனால் போகட்டும்.

சுற்றிலும் டயர் போலப் புடைப்பு

தங்கையின் கேக் இதுதான். ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், வெட்டு நன்றாகவே இருந்தது. கீழ் வரப்பின் மட்டத்தில் புடைப்பு அதிகம், மேல் வரப்பில் குறைவு. கீழ் வரப்பு இரண்டு அடுக்கைச் சுமக்கிறது, மேல் வரப்பு ஒன்றைத்தான் சுமக்கிறது. ஆகவே அது பாரத்தால் வந்த புடைப்பு.

"ஒரு அடுக்குக்கு எவ்வளவு காயா வச்சே?"

"ஒரு கப்பு, அளந்துதான் வச்சேன் அக்கா."

"வரப்பு எவ்வளவு உயரம்?"

ஒரு சென்டிமீட்டர் என்றாள். தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். கேக் இருபது சென்டிமீட்டர் அகலம். வரப்பு ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, ஒரு சென்டிமீட்டர் தடிமனாகப் பிழிந்திருக்கிறாள். இரு பக்கமும் சேர்த்து மூன்று சென்டிமீட்டர் போய்விடுகிறது, உள்ளே மிஞ்சுவது பதினேழு சென்டிமீட்டர் வட்டம். அதன் பரப்பு ஏறக்குறைய 227 சதுர சென்டிமீட்டர். ஒரு கப், 250 மில்லி, அதில் பரவினால் 1.1 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். வரப்பைவிட ஒரு மில்லிமீட்டர் அதிகம். கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர் என்பது ஒன்றரை மேசைக்கரண்டி காயா. மேலடுக்கு முதலில் உட்கார்வது வரப்பின் மேல் அல்ல, காயாவின் மேல். வரப்பின் முகட்டுக்கும் மேலடுக்குக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, ஒன்றரைக் கரண்டியும் அந்த வழியாக ஓரத்துக்கு வந்துவிடும்.

பூரணம் வரப்பைவிட இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். எட்டு மில்லிமீட்டர் என்றால் 180 மில்லி, முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவு. அப்படி வைத்தால் மேலடுக்கு வரப்பின் மேல் உட்கார்ந்து, சற்று அழுந்தி, பிறகுதான் பூரணத்தைத் தொடும். கூடுதலாகக் காயா வேண்டும் என்று ஆசைப்பட்டு வரப்பை ஒன்றரை சென்டிமீட்டராக உயர்த்துகிறவர்கள் உண்டு. நான் இளகிய பூரணத்துக்கு அப்படிச் செய்வதில்லை. உயர்ந்த வரப்பு தன் தடிமனுக்கு நிற்காமல் சாயும். காயா நிறைய வேண்டுமென்றால் அடுக்கை இன்னும் மெலிதாகப் பிளந்து இன்னொரு தட்டு சேர்க்கலாம், அல்லது வெட்டிப் பரிமாறும்போது பக்கத்தில் வைக்கலாம்.

அடுத்தது வரப்பின் கெட்டித்தன்மை. அவள் வெளியே பூசிய அதே மிருதுவான பட்டர்கிரீமில்தான் வரப்பும் கட்டியிருந்தாள். வெளிப்பூச்சுக்கு வழவழப்பு வேண்டும், வரப்புக்கு அது ஆகாது. பட்டர் முப்பத்திரண்டு பாகையை ஒட்டி உருகத் தொடங்குகிறது, அதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடும். பினாங்கில் ஏர்கோன் இல்லாத சமையலறையில் மதிய நேரத்துச் சூடே ஏறக்குறைய அவ்வளவு. செய்த பட்டர்கிரீமில் ஒரு கப் தனியாக எடுத்து, அதில் ஐசிங் சர்க்கரையை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக மூன்று நான்கு வரை சேர்த்துப் பிசையுங்கள். கரண்டியைக் கவிழ்த்தால் விழக்கூடாது, விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. வெளியூருக்குப் போகும் கேக்காக இருந்தால், பட்டரில் பாதிக்குப் பதில் ஷார்ட்டனிங் சேர்த்த கிரீமில் வரப்பைக் கட்டுகிறேன். ருசியில் பட்டருக்கு அது ஈடாகாது, ஆனால் வெயிலில் நிற்கும். வரப்பு கேக்கில் சிறு பங்குதான் என்பதால் நாக்குக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

ஒரு வளையத்துக்கு நான்கு மேசைக்கரண்டி கிரீம் போகும், ஆகவே இரண்டுக்கு எட்டு. ஒரு கப் எடுத்தால் மிச்சமே இருக்கும், அதை எறிந்துவிடாதீர்கள். காயா வைக்குமுன் அந்த அடுக்கின் மேல் கிரீமை மிக மெலிதாக, கேக் தெரியுமளவுக்கு நீவிவிட்டால் காயாவின் ஈரம் பஞ்சுக்குள் இறங்காது. ஊறிய அடுக்கு அமுங்கும், அமுங்கினால் வரப்பும் சேர்ந்து இறங்கும். வரப்பை ஓரத்தை ஒட்டியே பிழிகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் பிழிவது பாரம் விழும்போது அது விரிவதற்குத்தான். விரிந்து ஓரத்துக்கு வந்து நின்றால் அது சரியான அளவு.

கடைசியாக, ராத்திரி நேராக இருந்தது மதியம் ஏன் தள்ளியது என்ற கேள்வி. அவள் அடுக்கியதும் நேரே பிரிட்ஜில் வைத்து, அரைமணியில் எடுத்துப் பூசி, திரும்ப உள்ளே வைத்துவிட்டாள். பிரிட்ஜுக்குள் கிரீமும் காயாவும் இறுகிவிடுகின்றன, கேக் உட்காரவே இல்லை. அது உட்காரத் தொடங்கியது வெளியே எடுத்த பிறகுதான். அதற்குள் பூச்சு முடிந்துவிட்டது. வீட்டில் எல்லாம் சரியாக இருந்து மண்டபத்தில் போய் வயிறு தள்ளுகிற கேக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு நான் கண்ட காரணம் இதுதான்.

ஆகவே, பூசுவதற்கு முன்பே கேக்கை உட்காரவைக்க வேண்டும். அடுக்கி முடித்ததும் வரப்பு உறைய இருபது நிமிடம் பிரிட்ஜில் வையுங்கள். பிறகு வெளியே எடுத்து, பிளாஸ்டிக் உறையால் தளர்வாகச் சுற்றி, மேலே கேக்கின் அகலத்துக்குச் சரியான ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்க்காமல் வைத்து, ஏர்கோன் போட்ட அறையில் ஒரு மணி நேரம் விடுங்கள். காயாவில் முட்டையும் தேங்காய்ப்பாலும் இருப்பதால் அதற்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். தட்டை எடுத்துப் பார்த்தால் வரப்புக் கிரீம் சற்று வெளியே பிதுங்கியிருக்கும். அதைத் தட்டைக்கத்தியால் சீவி எடுத்துவிட்டு, திரும்ப அரைமணி குளிரவைத்து, தூள் அடங்க முதல் பூச்சு பூசுங்கள். பிதுங்கியதில் காயாவின் நிறம் தெரிந்தால் அங்கே வரப்பு திறந்திருக்கிறது, கெட்டிக் கிரீமால் அடைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ஏற்கெனவே புடைத்த கேக்கை என்ன செய்வது

தங்கைக்கு மாலை ஏழு மணிக்கு விருந்து, பாயான் லெப்பாஸில். மணி அப்போது பன்னிரண்டரை. கேக்கைப் பிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து இறுக்கினோம். புடைத்த இடத்தைச் சுரண்டியால் கேக் தெரியும் வரை சீவி எடுத்தோம், வெளியே வந்திருந்த காயாவும் அதோடு போயிற்று. கீழ் வரப்பின் வரிசையில் ஒரு விரல் அகலப் பள்ளம் கிடைத்தது. அதில் கெட்டிக் கிரீமைப் பையால் பிழிந்து, விரலால் உள்ளே தள்ளி, வெளியிலிருந்து இரண்டாவது வரப்பு போலக் கட்டினோம். பிறகு தட்டை மேலே வைத்து அறையில் ஒரு மணி நேரம். மறுபடி சற்றுப் பிதுங்கியது, அதில் காயா இல்லை. சீவிவிட்டு, குளிரவைத்துப் பூசினாள்.

சுற்றிலும் புடைத்த கேக்குக்குத்தான் இந்த வைத்தியம் பலிக்கும். ஒரு பக்கம் தள்ளுகிற, வெட்டு சாய்ந்த கேக்குக்கு இதைச் செய்தால் இரண்டு மணி நேரத்தில் அதே பக்கம் மறுபடி தள்ளும். நேரம் இருந்தால் மேலடுக்கைத் தூக்கி, காயாவை வழித்து எடுத்து, திரும்ப வெட்ட வேண்டும். நேரம் இல்லையென்றால், மேலிருந்து பலகை வரை நான்கு தடித்த உறிஞ்சுகுழல்களை இறக்கி, கேக்கின் உயரத்துக்கு நறுக்கிவிடுங்கள். அடுக்குகள் வழுக்குவதை அது நிறுத்தும், காயா ஒழுகுவதை நிறுத்தாது. பரிமாறும்போது குழல்களை எண்ணி எடுத்துவிட மறக்க வேண்டாம்.

காரில் கொண்டுபோவதற்கும் இதே மட்டக் கணக்குதான். இருக்கை பின்பக்கம் சாய்ந்திருக்கும், அதன் மேல் வைத்தால் பாலம் தாண்டும் வரை கேக் சரிவிலேயே இருக்கும். முன் இருக்கைக்குக் கீழே கால் வைக்கும் தரையில், வழுக்காத விரிப்பின் மேல் பெட்டியை வைத்து, ஏர்கோனை முதலிலேயே போட்டுக் காரைக் குளிரவைத்துவிட்டுக் கிளம்பச் சொன்னேன். ஒன்பது மணிக்குப் படம் அனுப்பியிருந்தாள். வெட்டிய துண்டில் காயா இரண்டு வரிசையும் ஓரம் வரை ஒரே உயரத்தில் நின்றிருந்தன. கீழ் வரிசையின் ஓரத்தில் மட்டும் வெள்ளைக் கிரீம் ஒரு விரல் அகலத்துக்குத் தடித்துத் தெரிந்தது.